லட்சுமியும் லட்சுமியும் ஒருவரே என்று எழுதிக்கொண்டு வராதீர்கள்

போன வாரம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா என் நோட்டரி அலுவலகத்துக்கு வந்தார். கணவர் புதுச்சேரி அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இறந்து நாலு மாதம் ஆகிறது. பெயர் பொருந்தவில்லை என்று குடும்ப ஓய்வூதிய மனு திரும்பி வந்துவிட்டது. கணவரின் சர்வீஸ் புத்தகத்தில் மனைவி பெயர் Latchoumy, ஆதாரிலும் வங்கிப் பாஸ்புக்கிலும் Lakshmi.

அஃபிடவிட் இல்லாமல் வரவில்லை, கையில் இரண்டு வைத்திருந்தார். முதலாவது தமிழில்: "லட்சுமி என்பவரும் லட்சுமி என்பவரும் ஒரே நபர், அது நானே." முத்திரைத்தாள், நோட்டரி முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்துதான் என்பது அடித்தவருக்கும் உறைக்கவில்லை, சரிபார்த்தவருக்கும் உறைக்கவில்லை. அதை வாங்கிப் பார்த்த எழுத்தர் சிரித்திருப்பார். இரண்டாவது ஆங்கிலத்தில். காதால் கேட்டு அடித்ததால் Latchoumi என்று கடைசியில் y-க்குப் பதில் i விழுந்திருந்தது. இரண்டு பெயர்ச் சிக்கலைத் தீர்க்கப் போய் மூன்றாவதாக ஒரு பெயர் பிறந்துவிட்டது!

எங்கள் ஊரில் இது தீராத தலைவலி. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டில் 'உ' ஓசைக்கு ou போடுவார்கள், அதனால்தான் Mourougane. தனி s உயிரெழுத்துகளுக்கு நடுவே வந்தால் பிரெஞ்சில் z ஆகிவிடும், எனவே Ramassamy. அதே குடும்பத்துப் பிள்ளை கடலூரில் படித்தால் டி.சி.யில் Murugan, Ramasamy என்று வரும். யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள்.

இப்போது எனக்கு எரிச்சல் வரும் இடம். "அதான் அஃபிடவிட் போட்டாச்சே சார், பேர் மாறிடுச்சே" என்கிறார்கள். மாறாதுங்க. அஃபிடவிட் என்பது நீங்களே உங்களைப் பற்றி உறுதிமொழியோடு சொல்லும் வாக்குமூலம், அவ்வளவுதான். அதில் நோட்டரி முத்திரை விழுந்தால், இன்னார் என் முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட்டார் என்று அர்த்தம், உள்ளே எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நான் ஜாமீன் நிற்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் ஒரு எழுத்துகூட அதனால் தானாக நகராது. பதிவை வைத்திருக்கும் அலுவலகம்தான் திருத்த வேண்டும், உங்கள் தாள் அதற்கு ஒரு துணை ஆவணம். பிறப்புப் பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி பதிவாளர்தான் திருத்துவார், அதுவும் பழைய எழுத்தை அழிக்காமல் ஓரத்தில் குறித்துக் கையெழுத்திட்டுத் தேதி போடுவார். உள்ளடக்கத்திலேயே பிழை என்றால், விஷயம் தெரிந்த நம்பகமான இரண்டு பேரின் உறுதிமொழியும் கேட்பார்கள், நீங்கள் மட்டும் சொன்னால் போதாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தத் தாள் 'இரண்டும் நானே' என்று சொல்லும், 'இனிமேல் என் பெயர் இது' என்று சொல்லாது. லட்சுமி மகாலட்சுமி ஆக வேண்டுமென்றால் அது பெயர் மாற்றம், அரசிதழுக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதினால் இரண்டு பக்கமும் நிராகரிப்பார்கள்.

அந்த அம்மாவுக்கு எந்தப் பதிவையும் திருத்தத் தேவையே இல்லை. கணவர் இல்லாத நிலையில் சர்வீஸ் புத்தகத்தைக் கிளறுவானேன்? ஆதாரிலோ பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம், அதையும் வீணாக்க வேண்டாம். இரண்டு எழுத்தையும் இணைத்துக் காட்டினால் போதும். ஆவணங்களை மேசையில் விரித்து, அவர் வாயைக் கேட்காமல் காகிதத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அடித்தோம்: சர்வீஸ் புத்தகத்தில் இப்படி, ஆதாரில் இப்படி, பாஸ்புக்கில் இப்படி, எண்ணும் தேதியும் பக்கத்திலேயே. கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லா ஆவணத்திலும் ஒன்றுதான் என்பதற்குத் தனிப் பத்தி, ஏனென்றால் ஒரே ஆள் என்று நம்ப வைப்பது அதுதான். பழைய அஃபிடவிட்டில் Latchoumi என்று விழுந்தது தட்டச்சுப் பிழை என்பதையும் ஒரு வரியில் ஒப்புக்கொண்டோம். மறைத்தால் பிறகு அதுவே கேள்வியாகும்.

தாளை நான் தமிழில் வாசித்து விளக்கினேன், அதையும் கடைசியில் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் என் முன்னால் கையெழுத்து. தரகரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களே, பொய் உறுதிமொழி குற்றம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட்டாலும் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

இறந்துபோன அப்பாவின் பெயருக்கு அஃபிடவிட் கேட்டு வருகிறவர்களுக்கு: அவர் சார்பாக 'நான்' என்று எழுத முடியாது. வாரிசாக, உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் உங்கள் பெயரில் சொல்லலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். போனில் ஸ்பெல்லிங் சொல்லாதீர்கள். ஒரிஜினலைக் கொண்டு வாருங்கள், கண்ணாடியையும் மறக்காமல்.