பாசம் எந்த ஆபத்தைக் குறைக்கிறது?

குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க வேண்டுமா என்ற கேள்வி எழும்போது, மதிப்பீட்டு அறிக்கைகள் பலவும் இரண்டு பட்டியல்களாகவே எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் பாசம், சுத்தமான வீடு, ஒத்துழைப்பு. மறுபக்கம் குழந்தையின் எடைக்குறைவு, வீட்டில் அடிதடி. இரண்டையும் கூட்டிக் கழித்து முடிவு சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கணக்கு அடிப்படையிலேயே பிழையானது. ஒரு பலம் எந்த ஆபத்தைத் தடுக்கிறது என்று காட்ட முடியாவிட்டால், பட்டியலில் அதற்கு வேலையே இல்லை.

நல்ல மதிப்பீடு, ‘இவர் நல்ல தாயா?’ என்று கேட்பதில்லை. இந்த வயதில் இந்தக் குழந்தைக்கு என்ன தேவை, அதில் எதைப் பெற்றோரால் செய்ய முடிகிறது, செய்ய முடியாததைக் கற்றுக்கொள்ள முடியுமா, அதுவரை குழந்தையால் தாங்க முடியுமா என்று கேட்கிறது. உளவியலாளர் கேரன் பட் 2001-இல் முன்வைத்த மதிப்பீட்டு முறையும் அன்றாடச் செயல்களைத்தான் பார்க்கச் சொல்கிறது. அதில் அளவுகோல் சிறந்த வளர்ப்பு அல்ல, குறைந்தபட்சம் போதுமான வளர்ப்பு.

ஒரு கற்பனை நேர்வை எடுத்துக்கொள்வோம். நான்கு மாத ஆண் குழந்தை. வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. தாயின் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ, 66; சராசரியைவிட மிகக் குறைவு. தந்தை தாயை இரண்டு முறை அடித்திருக்கிறார். அதே வீட்டில் பாட்டியும் இருக்கிறார்.

66 என்ற எண்ணைப் பார்த்ததும் பலருக்கு முடிவு தயாராகிவிடும். ஆனால் ஈவு ஏறத்தாழ 60-க்கு மேல் இருந்தால், அந்த எண்ணை மட்டும் வைத்து வளர்ப்புத் திறனைக் கணிக்க முடியாது என்பதே ஆய்வுகள் காட்டுவது. அதனால் மதிப்பீட்டாளர் பாலூட்டும் நேரத்தில் வீட்டுக்குப் போகிறார். ‘தாய் அலட்சியமாக இருந்தார்’ என்று குறிப்பேட்டில் எழுதினால் அது தீர்ப்பு. அவர் எழுதுவது இப்படி: ‘குழந்தை சிணுங்கிய உடனே தாய் திரும்பினார். தலையைத் தாங்கிப் பிடித்தார். குழந்தை முகத்தைத் திருப்பியபோது புட்டியை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். டப்பாவில் சொன்ன அளவில் பாதி பால்மாவையே தண்ணீரில் கலந்தார்.’

எடை ஏறாததன் காரணம் கடைசி வரியில் இருக்கிறது. நீர்த்த பாலில் சத்து குறைவு என்பதோடு ஆபத்து முடிவதில்லை. இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். தாயின் கனிவு இந்த ஆபத்தைத் துளியும் குறைக்காது. ஆனால் குழந்தையின் குறிப்பறிந்து நடப்பவருக்குக் கலக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க முடியும் என்ற நம்பிக்கையை அது தருகிறது. விளக்கிச் சொல்லிவிட்டு வந்தால் போதாது. அவருடைய சமையலறையிலேயே, அவருடைய புட்டியிலேயே செய்துகாட்டி, படிப்படியான படங்களைச் சுவரில் ஒட்டி, அவரையே திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். கற்றாரா என்பதை வாராவாரம் எடைக்கருவி சொல்லிவிடும். எழுதப்படிக்கத் தடுமாறுபவரிடம் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு, ‘உதவி அளித்தும் பயனில்லை’ என்று எழுதுவதைப் போன்ற அநியாயம் வேறில்லை. கற்பிக்காத பாடத்தில் அவரைத் தோற்றவராக்கும் வேலை அது.

அடிதடி வேறு வகை. படங்களை ஒட்டி அதைத் தீர்க்க முடியாது. பாட்டி உடனிருப்பது பலமா? அடி விழுந்த இரவுகளில் அவர் எங்கே இருந்தார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாரா, யாரையாவது அழைத்தாரா என்று கேட்க வேண்டும். ‘குடும்பத்துக்குள் தீர்த்துக்கொள்வோம்’ என்பது அவர் பதிலானால், பாலூட்டலில் உதவிப் பலமாக இருக்கக்கூடிய அதே பாட்டி இங்கே பலம் அல்ல.

இந்த இடத்தில்தான் மதிப்பீட்டாளரின் மனமும் சோதிக்கப்படுகிறது. பிரிட்டனில் 1973 முதல் 1994 வரை வெளியான 45 குழந்தை வதை விசாரணை அறிக்கைகளை அலசிய ஆய்வாளர் ஐலீன் மன்றோ, முதலில் உருவான கருத்தைக் குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்கள் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை என்று 1999-இல் எழுதினார். எடை ஏறத் தொடங்கியதும் ‘இந்தக் குடும்பம் தேறிவிட்டது’ என்ற எண்ணம் வந்துவிடும். தாயின் கையிலுள்ள புதுக் காயம் கண்ணில் படாமல் போகும். ‘என் முடிவு தவறென்றால் எந்தச் சான்று அதைக் காட்டும்?’ என்று எழுதிவைத்துத் தேடுவதே இதற்கு மாற்று.

எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். உதவி கிடைத்த இந்த வீட்டையும், குழந்தை உண்மையில் போய்ச்சேரப் போகும் இடத்தையும்தான் ஒப்பிட முடியும்; கற்பனையில் இருக்கும் குறையற்ற வீட்டை அல்ல. பிரிவும் குழந்தைக்கு ஒரு காயம். மாற்றில்லம் அடிக்கடி மாறினால் அது ஆழமாகும்.

நம் நேர்வில் பன்னிரண்டு வாரங்களில் எடைக்கோடு மீண்டு, தந்தையும் வெளியேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை அப்போதும் ‘தாய் தகுதியானவர்’ என்று முடியக் கூடாது. கலக்கும் முறையை அவர் கற்றுவிட்டார். திட உணவு தொடங்கும்போது மறுபடி கற்பிக்க வேண்டும். தந்தை அந்த வீட்டில் மீண்டும் தங்கத் தொடங்கினால் இந்தப் பரிந்துரை செல்லாது, உடனே மறுமதிப்பீடு வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும்.