சொல் விளக்கம்: ஒன்றுக்கொன்றான சார்பு

இன்ஜெக்ஷன் என்றதும் நமக்கு ஊசிதான் நினைவுக்கு வரும். கணிதத்தின் இன்ஜெக்ஷனுக்கும் அதே லத்தீன் வேர்தான்: 'உள்ளே எறிதல்'. பிரான்சின் பூர்பாக்கி என்ற கணிதவியலாளர் குழு 1950களில் இதைக் கணிதச் சொல்லாகப் பரப்பியது. ஒரு கணத்தின் உறுப்புகளை இன்னொரு கணத்துக்குள், எந்த இரண்டும் ஒரே இடத்தில் விழாமல் போடுவது என்று பொருள். போட்ட பிறகு அங்கே இடம் மிஞ்சலாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை 'ஒன்றுக்கொன்றான சார்பு' என்கின்றன. நல்ல சொல்தான், ஆனால் இரு பக்கமும் மிச்சமில்லாமல் ஜோடி சேர்ந்துவிட்டது போல ஒலிக்கிறது. அப்படி மிச்சமில்லாமல் சேர்வது பைஜெக்ஷன். அதற்கு 'இருபுறச் சார்பு' என்று தனிச்சொல் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் காண்டர்–ஷ்ரோடர்–பெர்ன்ஸ்டைன் தேற்றம் சொல்ல எதுவுமே இல்லாததுபோல் தெரியும். A-யிலிருந்து B-க்கும், B-யிலிருந்து A-க்கும் ஒன்றுக்கொன்றான சார்பு இருந்தால் இரண்டும் சம அளவுள்ளவை, அதாவது இரண்டுக்கும் இடையே ஓர் இருபுறச் சார்பு உண்டு என்பதுதான் தேற்றம். இரண்டு சார்புகளிலும் இடம் மிஞ்சலாம் என்பதில்தான் அதன் வலு இருக்கிறது.

[0,1], [0,1) என்ற இரண்டு இடைவெளிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டாவதில் 1 மட்டும் இல்லை. அளவு ஒன்றா? [0,1)-இலிருந்து [0,1]-க்கு f(x) = x; இதில் 1 மிஞ்சுகிறது. திரும்பி வர g(x) = x/2; இது [0,1/2]-ஐ மட்டும் நிரப்புகிறது, பாதி இடம் காலி. பரவாயில்லை. இரண்டிலும் மோதல் இல்லை, எனவே அளவு சமம். இருபுறச் சார்பை நாம் தேடவே இல்லை.

அப்புறம் அது எங்கிருந்து வருகிறது? தேற்றத்தின் நிரூபணமே அதைக் கட்டித் தருகிறது. f-இல் மிஞ்சிய 1-இலிருந்து தொடங்குவோம். g அதை 1/2-க்கு அனுப்புகிறது, f அதை அப்படியே [0,1]-க்குள் கொண்டுவருகிறது, மறுபடி g அதை 1/4 ஆக்குகிறது. 1, 1/2, 1/4, 1/8 என்று முடிவில்லாத சங்கிலி. இந்தச் சங்கிலியில் உள்ளவற்றுக்கு x/2, மற்ற எல்லாவற்றுக்கும் x என்று வைத்தால் [0,1]-இலிருந்து [0,1)-க்கு இருபுறச் சார்பு தயார். 1 நகர்ந்து 1/2-இன் இடத்தில் உட்கார, 1/2 நகர்ந்து 1/4-க்குப் போகிறது. சங்கிலிக்கு முடிவில்லாததால் யாரும் இடமில்லாமல் நிற்பதில்லை. முடிவுறு கணத்தில் இது நடக்காது.

காண்டர் 1887-இல் நிரூபணம் இல்லாமல் இந்தத் தேற்றத்தைச் சொன்னார். அதே ஆண்டு டெடகிண்ட் நிரூபித்தார், ஆனால் வெளியிடவில்லை. ஷ்ரோடரின் நிரூபணத்தில் பிழை இருந்தது. 1897-இல் பெர்ன்ஸ்டைன் சரியாக நிரூபித்தபோது அவருக்கு வயது 19.

ஒரு எச்சரிக்கை: தேற்றம் ஒப்பிடுவது அளவை மட்டுமே, வடிவத்தை அல்ல. f, g இரண்டும் தொடர்ச்சியானவை, ஆனால் கிடைத்த இருபுறச் சார்பு 1/2-இல் துள்ளுகிறது: அக்கம்பக்கத்தில் எல்லாம் x, அங்கே மட்டும் 1/4. [0,1]-இலிருந்து [0,1)-க்குத் தொடர்ச்சியான இருபுறச் சார்பு எதுவும் கிடையாது.