34 நொடி, 29 நொடி: குவாரியில் ஹைட்ராலிக் ஆயிலை அளந்து பார்ப்பது

கல்குவாரியில் ஓடும் ஒரு எக்ஸ்கவேட்டர். காலையில் நன்றாக வேலை செய்கிறது, மதியத்துக்கு மேல் பூம் தூக்குவதற்கே இழுக்கிறது. பம்ப் போய்விட்டது என்று ஆபரேட்டர் சொல்கிறார். பம்பைக் கழற்றுவதற்கு முன் ஆயிலைப் பார்த்துவிடலாம். அதற்கு லேப் வேண்டாம், அடியில் ஓட்டை உள்ள ஒரு கப்பும் ஸ்டாப்வாட்சும் தெர்மாமீட்டரும் போதும்.

பெயின்ட் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஃபோர்டு கப் நம்பர் 4 இதற்குப் பொருந்தும். ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு விளிம்பு வரை ஆயிலை ஊற்றி, விரலை எடுத்ததும் நேரத்தை ஓட விட்டு, கம்பி போல ஒழுகும் ஆயில் ஓட்டைக்குக் கீழே முதன்முதலாக அறுபடும் கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு சொட்டுவது கணக்கில் இல்லை. ஆயில் கெட்டியாக இருந்தால் நேரம் கூடும், அவ்வளவுதான். தன் எடையாலேயே அது ஒழுகுவதால், நமக்குக் கிடைப்பது டப்பாவில் 46, 68 என்று போட்டிருக்கும் அதே வகைப் பாகுநிலை.

ஆனால் டப்பாவில் உள்ள எண் 40 டிகிரி செல்சியஸுக்கு உரியது. குவாரி நிழலில் ஆயில் 30 டிகிரியில் இருக்கும், அங்கே 68 ஆயிலின் பாகுநிலை சுமார் 113. ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 5 சதவீதம் மாறுகிறது, அதாவது மூன்று டிகிரி தவறினால் நல்ல ஆயிலே கெட்டதாகத் தெரியும். அதனால் நான் அட்டவணையை நம்புவதில்லை. அதே பிராண்ட், அதே கிரேடு புது ஆயிலைக் கொஞ்சம் எடுத்து, மெஷினில் எடுத்த சாம்பிளோடு ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு பாட்டில்களையும் ஒரு மணி நேரம் போட்டு வைப்பேன். இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், சாம்பிளில் உள்ள காற்றுக் குமிழியும் அடங்கிவிடும். சாம்பிளை மெஷின் ஓடி நின்ற உடனே, டேங்கின் நடுமட்டத்தில் எடுக்க வேண்டும். அடியில் உள்ள டிரெயினில் பிடித்தால் படிந்த தண்ணீரும் சகதியும்தான் வரும்.

அந்த மெஷினில் புது 68 ஆயில் 34 நொடி எடுத்தது, சாம்பிள் 29. மூன்று முறை ஓட்டியும் அரை நொடிக்கு மேல் மாறவில்லை. 34-க்கு 29 என்றால் 15 சதவீதம் குறைவு, விளிம்பில்தான் இருக்கிறது, ஓட்டலாம் என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நேரமும் பாகுநிலையும் நேர் விகிதத்தில் இல்லை. இந்தக் கப்புக்கான கணக்கு இது, ν என்பது பாகுநிலை, t என்பது நொடியில் நேரம்:

ν = 3.85 × (t − 4.49)

இரண்டு நேரத்திலும் 4.49-ஐக் கழித்தால் 29.5-க்கு 24.5. குறைவு 17 சதவீதம். 10 சதவீதம் மாறினால் காரணம் தேடு, 15 தாண்டினால் மாற்றத் தயாராகு என்பது நான் பின்பற்றும் கோடு. அந்தக் கோட்டை இது தாண்டிவிட்டது. 20 நொடிக்குக் கீழே இந்தக் கப்பை நம்பக் கூடாது, மெல்லிய ஆயிலுக்குச் சிறிய ஓட்டை உள்ள நம்பர் 3 வேண்டும்.

சந்தேகம் தீர இன்னொரு வழியிலும் பார்த்தோம். ஒரே அளவு இரண்டு குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு எஃகுக் குண்டு, ஒன்றில் புது ஆயில், இன்னொன்றில் சாம்பிள். இரண்டையும் சேர்த்துச் சாய்த்தால் குண்டுகள் உருள ஆரம்பிக்கும். நேராகப் போட்டால் குண்டு சட்டென்று விழுந்துவிடும், கண்ணால் பிடிக்க முடியாது, அதனால்தான் சாய்வும் குண்டை ஒட்டிய ஒடுக்கமான குழாயும். புது ஆயிலில் குண்டு 20 சென்டிமீட்டர் போனபோது சாம்பிளில் 24-ஐத் தொட்டிருந்தது. 20-ஐ 24-ஆல் வகுத்தால் 0.83, அதே 17 சதவீதம். குழாயில் ஒரு குமிழி மாட்டினாலும் குண்டு தயங்கும், அப்போது ஆயில் கெட்டி என்று பொய் சொல்லும்.

சரி, ஏன் இளகியது? பழசானதாலா என்றால் இல்லை, பழசாகி ஆக்சிஜன் ஏறிய ஆயில் கறுத்துக் கெட்டியாகும், தீய்ந்த வாடை வரும். இளகினால் பெரும்பாலும் வேறு எதுவோ கலந்திருக்கிறது. டீசல் வாடை இல்லை. 46 ஆயில் 30 டிகிரியில் சுமார் 75 இருக்கும், நம் சாம்பிள் 94. கலவைக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய பாதி 46 இருக்க வேண்டும். கேட்டதில் ஆபரேட்டரே சொன்னார்: போன மாதம் ஹோஸ் வெடித்து ஆயில் கொட்டியது, 68 கையில் இல்லை, அரை பேரல் 46 ஊற்றி ஓட்டினோம் என்று. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது அது தெரியவில்லை. மதியம் சூடேறி ஏற்கெனவே இளகும் ஆயில் இன்னும் இளகி, பம்புக்குள்ளேயே கசிந்து திரும்பியிருக்கிறது.

ஆயிலை வடித்து 68 ஊற்றிய பிறகும் மதிய வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பம்பைப் பற்றி முடிவெடுக்கச் சொன்னேன். ஒரு மாதம் இளகிய ஆயிலில் ஓடிய பம்பில் தேய்மானம் இருக்கலாம், அதைக் கப் சொல்லாது. ஆயிலில் மிதக்கும் இரும்புத் தூளையும் அது சொல்லாது. சாம்பிளில் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விட்டோம், தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். சத்தம் வரவில்லை.