ஆப் தேதி தவறும்போது வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதம்

"சில தொழில்நுட்பக் காரணங்களால் தாமதம், விரைவில் முடித்துத் தருகிறோம்" என்று அனுப்பினால் மறுநாள் காலையே போன் வரும். ஏன் தள்ளிப்போகிறது, எப்போது கிடைக்கும், அதுவரை என் கடையில் என்ன செய்வது? மூன்றுக்கும் அதில் பதில் இல்லை.

ஒரு மளிகைக் கடையின் ஆர்டர் ஆப்பை எடுத்துக்கொள்வோம். ஜூன் 10 அன்று பிளே ஸ்டோரில் வர வேண்டும். ஆப் தயார். ஆனால் கடைக்காரர் பெயரில் இருப்பது புதிதாகத் திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்கு. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த அப்படிப்பட்ட கணக்குகளில், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டிங்கில், அதாவது நாம் சேர்ப்பவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனையில், இருந்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். (முதலில் 20 பேர்; 2024 டிசம்பரில் குறைத்தார்கள்.) நிறுவனக் கணக்குக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஆக, கணக்கு எந்த வகை என்று முதல் நாளே கேட்காதது நம் தவறு. பழியை கூகுள் மேல் போட்டு எழுதினால், "இது உங்களுக்கு முன்பே தெரியாதா?" என்பதுதான் அடுத்த கேள்வி.

கடிதம் கெடுவுக்கு முன்பே, ஜூன் 8-ல் போக வேண்டும்:

"வணக்கம் சார். ஜூன் 10 அன்று ஆப் பிளே ஸ்டோரில் வராது. புதிய தனிநபர் கணக்குக்கு 14 நாள் சோதனை கட்டாயம். அதைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டது எங்கள் தவறு. ஜூன் 11-ல் சோதனையைத் தொடங்கி, 25-ல் விண்ணப்பிக்கிறோம். அந்தப் பரிசீலனைக்கும், பிறகு வெளியீட்டுப் பரிசீலனைக்கும் தலா 7 நாள் வைத்தால் ஜூலை 9. இந்த இரண்டும் கூகுளின் கையில் இருப்பதால் ஜூலை 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊழியர்களும் வாடிக்கையாளர்களுமாக, ஆண்ட்ராய்டு போன் உள்ள 16 பேரின் ஜிமெயில் முகவரி நாளைக்குள் வேண்டும். அவர்கள் 11-ஆம் தேதி முதலே ஆப்பில் ஆர்டர் போடலாம். கடைசித் தவணையை ஆப் வெளியான பிறகு தந்தால் போதும்."

நம் கையில் உள்ள தேதியையும் கூகுளின் கையில் உள்ளதையும் பிரித்துச் சொல்வதுதான் இதில் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே தேதியாகச் சொன்னால், இரண்டாவது முறையும் தவறும். தவறு நம்முடையது என்பதால் தவணையைத் தள்ளிவைப்பதும் நியாயம்தான்.

12 போதும் என்றிருக்க 16 பேரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் நாம் அனுப்பும் சோதனை இணைப்பைத் திறந்து சேர வேண்டும், 14 நாளும் விலகாமல் இருக்க வேண்டும். 12 பேர் மட்டும் இருந்து, ஒன்பதாம் நாள் ஒருவர் விலகி எண்ணிக்கை 11 ஆனால் தேதி மறுபடி நழுவும். பெயருக்குச் சேர்ந்து யாரும் ஆப்பைத் திறக்காவிட்டால், இன்னும் சோதியுங்கள் என்று விண்ணப்பம் திரும்பக்கூடும். அதனால் ஜூன் 18-ல் "16 பேரில் 15 பேர் இருக்கிறார்கள், 25-ல் மாற்றமில்லை" என்று இரண்டு வரி அனுப்புங்கள். எண்ணிக்கை 13-க்கு இறங்கியிருந்தால் அன்றே புதிய முகவரிகளைக் கேளுங்கள்.