ஆணியில் மாட்டிக்கொண்ட நொடியில் மாறும் காலம்

எண்ணங்கள் மனத்தில் ஓடுகிறபடியே சொல்லும் நனவோடை உத்தியில் எழுதிய நாவல் ஒழுங்கில்லாமல் ஓடுகிறது என்று பலரும் முப்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் ஒழுங்கு இருக்கிறது, ஆனால் அது கடிகாரத்தின் ஒழுங்கு அல்ல. ஒரு நினைவு அடுத்த நினைவை எதைப் பிடித்து இழுக்கிறது என்பதில்தான் அந்த ஒழுங்கு இருக்கிறது. இதைப் பழகிக்கொள்ள, வில்லியம் ஃபாக்னர் 1929இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் அண்ட் த ஃப்யூரி’ நாவலின் முதல் பகுதியைவிடச் சிறந்த இடம் இல்லை. படிக்கக் கடினமானது என்று பெயர் வாங்கிய பகுதிதான். ஆனாலும் அதன் இணைப்புகள் எல்லாம் கண்ணால் பார்க்கவும் கையால் தொடவும் கூடியவை.

அந்தப் பகுதியின் தேதி 1928 ஏப்ரல் 7. மிசிசிப்பியில் நொடித்துப்போன காம்ப்சன் குடும்பத்தின் கடைசி மகன் பெஞ்சிக்கு அன்று 33 வயது நிறைகிறது. அவனுக்கு அறிவு வளர்ச்சி இல்லை, பேச்சும் வராது. நேற்று எது, இன்று எது என்று பிரித்தறியவும் தெரியாது. பார்த்தது, கேட்டது, முகர்ந்தது மட்டுமே அவன் மனத்தில் இருக்கிறது. ‘பல வருடங்களுக்கு முன்’ போன்ற சொற்களை அவன் மனத்தில் ஃபாக்னர் வைப்பதே இல்லை.

சாதாரணமாகக் கதை படிக்கும்போது நம் மனம் ஐந்து கணக்குகளைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறது: நடக்கும் காலம், இடம், இருக்கும் ஆட்கள், எதனால் எது நடந்தது, யாருக்கு என்ன வேண்டும். 1995இல் உளவியலாளர்கள் ஸ்வான், லாங்ஸ்டன், கிரேசர் ஆகிய மூவரும் முன்வைத்த விளக்கம் இது. இவற்றில் ஒன்று மாறினால் மனம் அந்தக் கணக்கைத் திருத்தியாக வேண்டும். அந்தத் திருத்தம் நேரம் பிடிக்கிறது. ‘ஒரு கணம் கழித்து’ என்று தொடங்கும் வாக்கியத்தைவிட ‘ஒரு மணி நேரம் கழித்து’ என்று தொடங்கும் வாக்கியத்தை வாசகர்கள் மெதுவாகப் படிப்பதைச் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். ஒரே ஒரு கணக்கு மாறுவதற்கே இந்தத் தாமதம். பெஞ்சியின் மனத்தில் ஐந்தில் பெரும்பாலானவை ஒரே வரியில் மாறுகின்றன. ஒன்று மட்டும் மாறாமல் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தொடக்கத்திலேயே வரும் வேலிக் காட்சியைப் பார்ப்போம். பெஞ்சியைப் பார்த்துக்கொள்ளும் லஸ்டர் என்ற பையன், அன்றிரவு வேடிக்கை பார்க்கப் போவதற்கு வைத்திருந்த கால் டாலர் நாணயத்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான். இருவரும் வேலியோரமாக நடந்து, உடைந்த இடத்தில் நுழைகிறார்கள். பெஞ்சியின் உடை ஓர் ஆணியில் மாட்டிக்கொள்கிறது. லஸ்டர் எரிச்சல்படுகிறான். அடுத்த வரி சாய்வெழுத்தில் இருக்கிறது: கேடி ஆணியிலிருந்து அவனை விடுவிக்கிறாள், இருவரும் தவழ்ந்து நுழைகிறார்கள். கேடி பெஞ்சியின் அக்கா. 1928இல் அவள் அந்த வீட்டிலேயே இல்லை.

இங்கே ஆள் மாறிவிட்டார், காலம் மாறிவிட்டது, எதற்காக நுழைகிறார்கள் என்பதும் மாறிவிட்டது. மாறாதது ஆணி மட்டும். சில வரிகளுக்குள் தரை உறைந்து கிடப்பது தெரியும். கையைப் பையிலிருந்து எடுக்காதே, கிறிஸ்துமஸ் நேரத்தில் விறைத்துப்போகும் என்கிறாள் கேடி. ஏப்ரலில் தொடங்கிய காட்சி டிசம்பரில் நிற்கிறது. தேதியைச் சொல்லாமலே குளிரை வைத்துக் காலத்தைச் சொல்லிவிடுகிறார் ஃபாக்னர்.

பெரும்பாலானோர் வழிதவறுவது இதற்கு அடுத்த பத்தியில். சாய்வெழுத்து முடிந்து நேரெழுத்து வந்ததும், 1928க்குத் திரும்பிவிட்டோம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே பேசுபவன் பெஞ்சியைச் சிறுவயதில் பார்த்துக்கொண்ட வெர்ஷ், வெளியே குளிராக இருக்கிறது என்கிறான். நாம் இன்னும் அதே டிசம்பர் நாளில்தான் இருக்கிறோம், கொஞ்சம் முந்தைய நேரத்தில். சாய்வெழுத்து ‘இது பழைய நினைவு’ என்று சொல்வதில்லை. ‘இங்கே காலம் மாறுகிறது’ என்று மட்டுமே சொல்கிறது, அதையும் எல்லா இடத்திலும் சொல்வதில்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தைக் கைவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பதிப்பாசிரியர் பென் வாசன் பதிப்புக்காகச் சாய்வெழுத்தை எடுத்துவிட்டு வெற்றிடம் விட்டபோது, ஃபாக்னர் மறுத்துப் பழையபடி மாற்ற வைத்தார். காலத்துக்கொரு நிற மையில் அச்சிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. 2012இல் ஃபோலியோ சொசைட்டி அந்தப் பகுதியை 14 நிறங்களில் அச்சிட்டது. நிறத்தோடு படிப்பது சுலபம்தான், ஆனால் முதல் வாசிப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாமே இணைப்பைக் கண்டுபிடிக்கும் வேலையை நிறம் பறித்துக்கொள்கிறது.

நிறம் இல்லாமலே நம்பகமான கடிகாரம் ஒன்று உள்ளே இருக்கிறது. பெஞ்சியுடன் இருப்பவன் வெர்ஷ் என்றால் சிறுவயது. டி.பி. என்றால் அதற்குப் பிந்தைய இளம்பருவம். லஸ்டர் என்றால் 1928. பென்சிலை எடுத்து, மாறும் இடத்திலெல்லாம் ஓரத்தில் அந்தப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். முதல் வாசிப்பில் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வரியிலும் பின்னால் போக நேரும், நடக்கிற காட்சி கையைவிட்டுப் போய்விடும். புரியாத இடத்தில் நிற்காமல் அடுத்த பெயர் வரும்வரை படித்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஓடைக் காட்சியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அழுகையை நிறுத்தித் தண்ணீரில் விளையாடு என்கிறான் லஸ்டர். பெஞ்சி அழுகையை நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான், அதே வாக்கியத்தில் ஒரு ‘அண்ட்’ போட்டு, வீட்டு வேலைக்காரர் ராஸ்கஸ் சாப்பிடக் கூப்பிடுகிறார், கேடி வரமாட்டேன் என்கிறாள். முற்றுப்புள்ளிகூட இல்லை. தண்ணீர் மட்டும் அப்படியே இருக்க, 33 வயது ஆள் குழந்தையாகிவிட்டான்.

பெயர்க் கடிகாரமும் ஓரிடத்தில் ஏமாற்றும். குவென்டின் என்று இருவர் உண்டு. ஒருவன் 1910 ஜூனில் தற்கொலை செய்துகொண்ட அண்ணன். மற்றவள் அவன் பெயரையே வைத்த கேடியின் மகள். ஒரு பக்கத்தில் ஆணாகவும் அடுத்த பக்கத்தில் பெண்ணாகவும் குவென்டின் வந்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். பக்கத்தில் லஸ்டர் இருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் அது மகள்.

இந்த முறை இரண்டாம் பகுதியில் செல்லாது. அது அண்ணன் குவென்டினின் மனம், ஹார்வர்டில் அவனுடைய கடைசி நாள். அவனை இழுப்பவை பொருள்களைவிடச் சொற்களும் அவமானங்களும்தான். ஒரு கட்டத்தில் பல பக்கங்களுக்கு நிறுத்தக்குறிகள் உதிர்ந்துபோக, தங்கை கேடியின் காதலன் டால்டன் ஏம்ஸுடன் பாலத்தில் நடந்த பழைய மோதலை மட்டுமே காண்கிறோம். உனக்கு எப்போதாவது தங்கை இருந்தாளா என்று அவனிடம் கேட்கிறான் குவென்டின். நினைவு கலையும்போது அவன் முகம் அடிபட்டிருக்கிறது, நண்பர்கள் கழுவிவிடுகிறார்கள். யார் அடித்தது, ஏன் என்று நமக்குத் தெரியாது. பிறகு நண்பன் ஒருவன் சொல்லித்தான் தெரிகிறது: பெண்களைப் பற்றி அளந்துகொண்டிருந்த, உடன் படிக்கும் ஜெரால்டிடம் குவென்டின் திடீரென எழுந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான், இல்லை என்றதும் அவனை அடித்து, அவனிடமே அடியும் வாங்கியிருக்கிறான். பெஞ்சியின் பகுதியில் ஆணி முதலில் வந்தது, நினைவு பின்னால் வந்தது. இங்கே நினைவு முழுவதும் முடிந்த பிறகுதான் ஆணி எங்கே இருந்தது என்று வாசகர் தெரிந்துகொள்கிறார். குவென்டினுக்கும் அது அப்போதுதான் தெரிகிறது.