வெரிக்கோசீல்: சுருண்டது நரம்பல்ல, சிரை

"நரம்பு சுருட்டியிருக்குதுன்னு சொன்னாங்கங்க." பெருந்துறைப் பக்கத்திலிருந்து விதைப்பை ஸ்கேனுக்கு வந்த ஒரு தறிக்காரர் இப்படித்தான் ஆரம்பித்தார். வயது 31, கல்யாணமாகி மூன்று வருடம். நரம்பு என்றதும் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்து ஆறு மாதம் லேகியம் சாப்பிட்டிருக்கிறார். பேச்சில் ரத்தக் குழாயையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் அவரை வேறு வைத்தியத்துக்கு இழுத்துப் போய்விட்டது.

அவருக்கு உண்மையில் சுருண்டு புடைத்திருந்தது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். லத்தீனில் வேரிக்ஸ் என்றால் புடைத்த சிரை. கிரேக்கத்தில் கேலே என்றால் வீக்கம். இரண்டும் சேர்ந்ததுதான் வெரிக்கோசீல். சிலர் இதை 'விரைவீக்கம்' என்று எழுதுகிறார்கள். அது நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசீலுக்கு வழங்கும் பெயர். ஆகவே 'விரைச்சிரைப் புடைப்பு' என்பதே சரி என்று நினைக்கிறேன். எது புடைத்தது, எங்கே என்பது இரண்டும் அதில் இருக்கிறது.

விரையிலிருந்து ரத்தம் மேலே ஏறும் சிரைகள் பாகற்கொடியின் பற்றுச்சுருள் போலப் பின்னிக் கிடக்கும். அவற்றில் இருக்கும் வால்வுகள், கிணற்று மோட்டாரின் புட்வால்வு மாதிரி, ஏறினது இறங்காமல் பார்த்துக்கொள்ளும். வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் திரும்ப இறங்கித் தேங்கும், சிரை புடைக்கும். இடப்பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேருவது. அதனால் பெரும்பாலும் இடப்பக்கமே வரும். வலப்பக்கம் மட்டும் புதிதாக வந்தால் வயிற்றுக்குள் எதுவும் சிரையை அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அவரைப் படுக்க வைத்து அளந்தபோது இடப்பக்கச் சிரை 2.6 மி.மீ. அதோடு விட்டிருந்தால் தவறிப்போயிருக்கும். எழுந்து நிற்கச் சொல்லி, "மூச்சை அடக்கி, மலம் கழிக்கிற மாதிரி முக்குங்க" என்றேன். 3.8 மி.மீ. ஆனது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் ரத்தம் 4 விநாடி கீழே இறங்கியது. நின்று முக்கும்போது 3 மி.மீ. அல்லது அதற்கு மேல், பின்னோட்டம் 2 விநாடிக்கு மேல் என்பது பொதுவான அளவுகோல். நன்றாக முக்காவிட்டால் பின்னோட்டம் தெரியாமலே போகலாம், அதனால் இரண்டு மூன்று முறை செய்யச் சொல்வேன்.

விந்தணு ஒழுங்காக உருவாக, விரை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான ரத்தம் அங்கேயே தேங்கினால் அந்தக் குளிர்ச்சி போய்விடுகிறது. இவருக்கு மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள்தான் இருந்தன. 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் கீழ் எல்லை. இடது விரையும் கொஞ்சம் சிறுத்திருந்தது.

ஆனால் இந்தப் புடைப்பு நூற்றில் பதினைந்து ஆண்களுக்கு இருக்கும், அவர்களில் பலர் அப்பாக்கள்தான். ஸ்கேனில் மட்டும் தெரிந்து கைக்குத் தட்டுப்படாததை அறுக்கத் தேவையில்லை. இவருக்குக் கையிலேயே தட்டுப்பட்டது, விந்தணு குறைவு, மனைவியின் பரிசோதனைகளில் குறையில்லை. அதனால் யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை சொன்னார். புது அணு உருவாகி வரவே இரண்டரை மாதம் ஆகும் என்பதால், அடுத்த விந்துப் பரிசோதனை மூன்று மாதம் கழித்துத்தான்.