ஷாட் எந்தச் சொல்லில் விழ வேண்டும்?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "முகம் காட்டாமல் குரல் மட்டும் வைத்து ஒரு நிமிட அறிவியல் வீடியோ செய்கிறேன். ஸ்கிரிப்ட் தயார். பாதி வரிகளுக்குப் படம் கிடைத்துவிட்டது. மீதிக்கு மேகம் ஓடுவது, நகரத்து விளக்குகள் என்று எதையோ போட்டு நிரப்பினேன். பார்த்தவர்கள் 'அழகா இருக்கு, ஆனா புரியலை' என்கிறார்கள். பி-ரோல் பட்டியலை எப்படி எழுதுவது?"

இந்தக் கேள்விக்குள் நல்லதொரு அறிவியல் ஒளிந்திருக்கிறது. அதற்கு முன் அடிப்படைகளை வேகமாக முடித்துவிடலாம். பி-ரோல் என்ற பெயர் 16 மி.மீ. பிலிம் காலத்து மிச்சம். அந்தப் பிலிமில் ஒட்டுப்போட்ட இடம் திரையில் தெரியும் என்பதால், ஷாட்களை மாற்றி மாற்றி ஏ, பி என்று இரண்டு சுருள்களில் அடுக்கி, பிரின்ட் போடும்போது ஒன்றாக்கினார்கள். இன்று பேச்சின் மேல் போர்த்தும் காட்சிகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பட்டியல் எழுதுவதும் வெளிப்பார்வைக்குச் சுலபம்தான். ஸ்கிரிப்டை வரிவரியாக உடைத்து எண் போடுவீர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன தெரிய வேண்டும் என்று எழுதுவீர்கள். ஒன்று மட்டும் கவனம். நிமிடத்துக்கு 150 சொல் என்று ஆங்கிலத்துக்குச் சொல்லும் கணக்கு தமிழுக்குச் சரிவராது. 'உடைந்துவிடுகின்றன' என்பது நமக்கு ஒரே சொல். ஆகவே சொல்லை எண்ணாதீர்கள். ஃபோனில் ஒருமுறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொரு வரியும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லா வரிக்கும் படம் கிடைத்த பிறகும் பார்ப்பவருக்குப் புரியாமல் போகிறதே, அது ஏன் என்பதுதான் விஷயம்.

1974-இல் ரோஜர் கூப்பர் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். பலவகைப் படங்கள் உள்ள திரைக்கு முன் ஆட்களை உட்காரவைத்து, ஒரு கதையைக் கேட்கச் செய்தார். கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. 'சிங்கம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கண் தானாகவே சிங்கத்துக்குப் போனது. இன்னும் வேடிக்கை, 'ஆப்பிரிக்கா' என்று கேட்டபோது கண்கள் சிங்கம், வரிக்குதிரை, பாம்பு என்று அலைந்தன. 1995-இல் மைக்கேல் டேனன்ஹாஸ் குழுவினர் இதை நுட்பமாக அளந்தார்கள். சொல் ஒலித்து முடிவதற்கும் கண் அந்தப் பொருளை நோக்கிக் கிளம்புவதற்கும் இடையே ஒரு விநாடியில் கால்பங்குகூட ஆகவில்லை. கண்ணை நகர்த்த ஆயத்தமாகவே சுமார் 200 மில்லிசெகண்ட் பிடிக்கும் என்பதால், பல வேளைகளில் சொல் முடியும் முன்பே மூளை தேடத் தொடங்கிவிடுகிறது என்று பொருள்.

குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போது கண் சும்மா இருப்பதில்லை. காது ஒரு பெயரைக் கேட்டால் கண் அதைத் தேடும். கிடைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் தேடல் நீளும், அதற்குள் குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். மேகம் ஓடும் காட்சியில் நடப்பது இதுதான். மேகத்தில் தேட எதுவுமில்லை என்று கண்ணுக்குத் தெரியாதே.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. 1999-இல் ஆல்ட்மனும் கமிடேவும் ஆங்கிலம் பேசுவோரிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள். ஒரு பையன், ஒரு கேக், சில விளையாட்டுச் சாமான்கள். 'பையன் தின்னப்போகிறான்' என்ற பொருளுள்ள வினை காதில் விழுந்த உடனேயே, கேக் என்ற சொல் வருமுன்பே, கண் கேக்குக்குப் போய்விட்டது. ஆங்கிலத்தில் வினை முன்னால் வருவதால் இது நடக்கிறது எனலாம். வினை கடைசியில் வரும் மொழிகளில்? 2003-இல் கமிடே குழு ஜப்பானிய மொழியில் அதையும் பார்த்தது. அங்கே வழிகாட்டியது வேற்றுமை உருபு. பரிமாறும் பெண், வாடிக்கையாளர், உணவு ஆகிய மூன்றும் படத்தில் உண்டு. நம் 'வாடிக்கையாளருக்கு' போல நான்காம் வேற்றுமை கேட்டதும், எதையோ கொடுக்கப்போகிறாள் என்று ஊகித்து, உணவின் பெயர் வருமுன்பே கண் அதை நோக்கிச் சாய்ந்தது. நம்முடையதும் வினை கடைசியில் நிற்கும் மொழி. பள்ளியில் ஐ, ஆல், கு என்று ஒப்பித்தோமே, அவை கண்ணை ஓட்டும் கடிவாளமாகவும் வேலை செய்யக்கூடும் என்று நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. தமிழ் கேட்போரை வைத்து இத்தகைய சோதனைகளை விரிவாகச் செய்ய யாராவது தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இதனால் பட்டியலில் ஒரு மாற்றம் வேண்டும். 'இந்த வரிக்கு இந்த ஷாட்' என்பது போதாது. வரிக்குள் எந்தச் சொல்லில் ஷாட் விழவேண்டும் என்று ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். நான் அதைக் கொக்கிச்சொல் என்கிறேன். வாக்கியம் தொடங்கும்போதே கட் செய் என்று ஆங்கிலக் கையேடுகளில் படித்ததைத் தமிழ் ஸ்கிரிப்டில் அப்படியே செய்தால், பெரும்பாலும் செயல் நடக்கும் காட்சி அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடும். நம் வாக்கியத்தில் செயல் கடைசியில்தானே வருகிறது.

ஓர் உதாரணம். தண்ணீர் கொதிப்பதற்கு முன் கெட்டில் ஏன் இரைகிறது என்று நான் எழுதிய ஸ்கிரிப்டின் நான்காவது வரி இப்படி இருந்தது: "மேலே இருக்கும் நீர் இன்னும் சூடாகவில்லை, அதனால் நீராவிக் குமிழிகள் ஏறும் வழியிலேயே சுருங்கி உடைந்துவிடுகின்றன." ஏழு விநாடி. முதல் பட்டியலில் இதற்கு எதிரே 'குமிழி உடைவது, க்ளோசப்' என்று மட்டும் எழுதியிருந்தேன். எடிட்டிங்கில் வைத்துப் பார்த்தால் அபத்தம். குரல் 'மேலே இருக்கும் நீர்' என்கிறது, திரையில் பாத்திரத்தின் அடி தெரிகிறது. கண் மேலே தேடுகிறது, ஃப்ரேமில் மேல் என்பதே இல்லை. 'சுருங்கி' என்ற சொல் வருவதற்குள் பார்ப்பவர் ஐந்து விநாடியாகக் குமிழி உடைவதைப் பார்த்துச் சலித்துவிட்டார்.

ஆகவே வரியை இரண்டாகப் பிரித்தேன். 4அ, கொக்கிச்சொல் 'நீர்', கண்ணாடி பீக்கர் முழுதாகப் பக்கவாட்டில், உள்ளே இரண்டு வெப்பமானிகள், ஒன்று மேலே, ஒன்று அடியில். 4ஆ, கொக்கிச்சொல் 'சுருங்கி', அடிப்பக்க க்ளோசப், ஸ்லோமோஷன்.

எடுக்கப்போனபோதுதான் குட்டு உடைந்தது. இரண்டு வெப்பமானிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. அடியில் சூடான நீர் மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கிக் கலந்துகொண்டே இருக்கிறதல்லவா? 100 டிகிரியைத் தாண்டுவது பாத்திரத்தின் அடியை ஒட்டிய மெல்லிய படலம் மட்டுமே. குமிழி அந்தப் படலத்தில் பிறந்து, அதைவிட்டுத் தலையை நீட்டியதும் குளிர்ந்த நீரில் பட்டுச் சுருங்குகிறது. என் வரி முழுப்பொய் அல்ல, ஆனால் மேல்பாதி குளிர், கீழ்ப்பாதி சூடு என்று நினைக்க வைத்தது. படமாக்க முடியாத வரியைச் சந்தேகப்படுங்கள் என்பேன். சில நேரம் தவறு படத்தில் இருக்காது, வரியில் இருக்கும். "அடியை ஒட்டிய மெல்லிய படலம்தான் கொதிக்கிறது, மற்ற நீர் இன்னும் கொதிநிலைக்கு வரவில்லை, அதனால்..." என்று திருத்தினேன். இப்போது ஒரே வெப்பமானி, நட்டநடுவில், 100-க்குக் கீழே நின்றபடி. பின்னணியில் அடியெங்கும் குமிழிகள். முரண் ஒரே ஃப்ரேமில் தெரிந்தது.

4ஆ ஷாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. குமிழி சுருங்கி மறைய ஆவது சில மில்லிசெகண்ட். விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிசெகண்ட், குமிழி இருக்கும், அடுத்த ஃப்ரேமில் இருக்காது. பல ஃபோன்களில் உள்ள 240 ஃப்ரேமில் ஒன்றுக்கு நான்கு மில்லிசெகண்ட் சொச்சம், சுருங்குவது கொஞ்சமாவது சிக்கும். 25 ஃப்ரேம் டைம்லைனில் ஓட்டினால் ஏறத்தாழ பத்து மடங்கு மெதுவாகும், அதாவது அரை விநாடி நிகழ்வு ஐந்து விநாடிக்குப் போதும். பட்டியலில் '240, பேட்டரி விளக்கு' என்று எழுதிவைத்தேன். வீட்டு மின்விளக்குகள் பல விநாடிக்கு நூறு முறை மினுக்கும், ஸ்லோமோஷனில் அது அப்பட்டமாகத் தெரியும்.

ஸ்கிரிப்டின் இரண்டாவது வரி வேறு மாதிரித் தொல்லை. "முதலில் ஒட்டிக்கொண்டு தெரியும் சின்னக் குமிழிகள் நீராவி அல்ல, நீரில் கரைந்திருந்த காற்று." 'அல்ல' என்பதற்குப் படம் கிடையாது. நீராவியைக் காட்டி 'இது இல்லை' என்றால், கூப்பரின் சிங்கம் போல, கண் நீராவியைத்தான் பிடித்துக்கொள்ளும். மறுப்பைக் காட்ட முடியாத இடத்தில் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். இரவெல்லாம் மேசையில் வைத்த டம்ளரின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் குமிழிகளை எடுத்தேன். அங்கே அடுப்பும் இல்லை, ஆவியும் இல்லை. கொக்கிச்சொல் 'காற்று'. 'நீராவி அல்ல' என்ற இடத்தில் பீக்கர் ஷாட்டே தொடரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அந்த உடைசல்கள்தான் நாம் கேட்கும் இரைச்சல்" என்ற ஐந்தாவது வரிக்கு என்னென்னவோ யோசித்தேன். ஒலி அலை கிராபிக்ஸ்கூட. கடைசியில் பட்டியலில் எழுதியது: 'குரல் நிறுத்தம் 2 விநாடி, கெட்டிலின் நிஜச் சத்தம்.' ஒலியைப் பற்றிய வரிக்கு ஒலிதானே சாட்சி.

கட் எப்போது விழவேண்டும்? கொக்கிச்சொல்லுக்கு அரை விநாடி முன்பு என்பது என் வழக்கம். புதுப் படம் வந்ததும் கண் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க நேரம் வேண்டும், சொல் வரும்போது பொருள் தயாராக நிற்க வேண்டும். படம் சொல்லுக்குப் பிந்தி வருவதுதான் மோசம். ஒவ்வொரு ஷாட்டையும் முன்னும் பின்னும் மூன்று விநாடி கூடுதலாக எடுத்தால் இப்படி நகர்த்த இடம் இருக்கும்.

இரண்டு மூடநம்பிக்கைகளைத் திட்டாமல் விட மனம் வரவில்லை. 'மூன்று விநாடிக்கு ஒருமுறை ஷாட் மாற வேண்டும்' என்பது ஒன்று. கண்ணுக்குத் தேட வேலை இருந்தால் எட்டு விநாடியும் நிற்கும், இல்லையென்றால் இரண்டு விநாடியே நீளம். 'எழுத்தைவிடப் படத்தை மூளை 60,000 மடங்கு வேகமாகப் புரிந்துகொள்ளும்' என்பது இன்னொன்று. தேடிப் பார்த்தவர்கள் யாரும் அதற்கு மூல ஆய்வைக் கண்டதில்லை. ஆனாலும் திறமைப் பயிலரங்குகளில் சோதிடப் பலன் போல வாசிக்கிறார்கள். படம் கிடைக்காத வரியில் அந்த வரியையே எழுத்தாகத் திரையில் ஓட்டுவதும் இந்த நம்பிக்கைகளுக்குத் தம்பிதான். அதே சொற்களைக் காதும் கண்ணும் ஒரே நேரத்தில் படித்தால், படத்துக்குப் போகவேண்டிய கண் எழுத்தில் மாட்டிக்கொள்ளும். ஒற்றைச் சொல், ஓர் எண் என்றால் பரவாயில்லை.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் மேக வரிகளை எடுத்து, கொக்கிச்சொல்லின் மேல் விரலை வையுங்கள். விரல் வைக்க ஒரு சொல்கூட அகப்படாத வரி என்றால், அது 'இது மிக முக்கியம்', 'ஆச்சரியமாக இருக்கிறதல்லவா' போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். என் கெட்டில் ஸ்கிரிப்டில் அப்படி இரண்டு இருந்தன. அடித்துவிட்டதில் ஒன்பது விநாடி மிச்சம், டம்ளர் ஷாட்டைக் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன்.